சரத்தில் தொங்கும் எழுத்து

அந்த அம்மா கேட்டது ரசப்பொடி. கடைக்காரர் சரத்திலிருந்து கிழித்துக் கொடுத்தது சாம்பார்ப்பொடி. பையில் போட்டுக்கொண்டு நாலு எட்டு நடந்தவர் திரும்பி வந்து, "அண்ணே, இது சாம்பாருங்க" என்று நீட்டினார். கடைக்காரர் பாக்கெட்டைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாட்டமே இருக்குதுங்கம்மா" என்று சொல்லி வேறொன்றைக் கிழித்துக் கொடுத்தார்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு சிற்றூர்க் கடை அது. சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். லேபிள் வரைவது என் தொழில். அந்த மசாலாக் கம்பெனி உரிமையாளர் தம்முடைய 5 ரூபாய் பாக்கெட்டுகளுக்குப் புது லேபிள் கேட்டிருந்தார். வேலையைத் தொடங்குமுன் பழைய பாக்கெட் கடையில் எப்படித் தொங்குகிறது என்று பார்க்கத்தான் அங்கே போயிருந்தேன். "பொடியில ஒரு குறையும் இல்லைங்க தம்பி, லேபிள் இன்னுங் கொஞ்சம் பளிச்சுனு இருந்தாப் போதும்" என்றுதான் அவர் சொல்லியிருந்தார். பளிச்சென்று இல்லாதது அல்ல பிரச்சினை என்பது அந்தக் கடை வாசலில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

சின்னப் பாக்கெட்டுக்கும் நம் ஊருக்கும் பழைய உறவு உண்டு. கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன் பெரிய டப்பாவில் விற்ற பொருள்களைச் சிறு பாக்கெட்டில் கொடுத்தால் கூலிக்காரரும் வாங்குவார் என்று நம்பியவர். அவருடைய பிள்ளைகள் வெல்வெட் ஷாம்பு பாக்கெட்டை ஊரெங்கும் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவரான சி.கே.ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயுடன் தனியாகத் தொடங்கியதுதான் சிக் ஷாம்பு. சிக் என்பது அப்பாவின் பெயரிலிருந்து எடுத்த எழுத்துகள். இன்று ஷாம்பு, காப்பித்தூள், ஊறுகாய், பெருங்காயம், மசாலா எல்லாமே சரம் சரமாகத் தொங்குகின்றன. அதனால்தான் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது இவ்வளவு கடினமாகிவிட்டது.

முதலில் இடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். அவருடைய பாக்கெட் 60 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் உயரம். கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கி வைத்துப் பார்த்தால் மைதானம்போல் தோன்றும். ஆனால் நாலு பக்கமும் சூடு வைத்து ஒட்டும் இடம் 6 மில்லிமீட்டர் போய்விடுகிறது. ஒட்டும் தாடை அழுத்துவதால் அங்கே வரிவரியாகச் சுருக்கம் விழும். எழுத்தை வைத்தால் நெளியும். அதற்கு உள்ளேயும் 2 மில்லிமீட்டர் விட வேண்டும், ஏனென்றால் ஓடும் மெஷினில் பிலிம் சற்றே இப்படியும் அப்படியும் நகரும். மிஞ்சுவது 44-க்கு 64. ஒரு தீப்பெட்டியின் முகத்தைப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வைத்தால் எவ்வளவோ, அதைவிடக் குறைவு. பொடி நிரம்பியதும் பாக்கெட்டின் வயிறு உப்பி இரண்டு ஓரமும் பின்னால் வளைந்துவிடும். நேராக நின்று பார்ப்பவருக்கு அந்த 44 முழுசாகக்கூடத் தெரியாது.

இந்த இடத்தில் கம்பெனி பெயர், எந்தப் பொடி, எத்தனை கிராம், அதோடு வாங்குபவர் மனசில் பதிய ஒரு சேதி. இந்த நான்கும் முகப்பில் இருந்தே ஆக வேண்டும். பழைய லேபிளை வரைந்தவர் என்ன செய்திருந்தார் என்றால், 200 கிராம் டப்பாவின் லேபிளை அப்படியே சுருக்கிவிட்டார். டப்பாவில் இருந்த எல்லாமே பாக்கெட்டிலும் இருந்தன: கம்பெனி பெயர், அதைச் சுற்றிச் சூரியக் கதிர், கிண்ணத்தில் குழம்பு, கறிவேப்பிலைக் கொத்து, ஐந்து வாசகங்கள். எல்லாம் இருந்தும் எதுவும் தெரியவில்லை. பெரிய லேபிளைச் சுருக்கினால் சின்ன லேபிள் வராது. இந்தத் தொழிலில் நான் பார்க்கும் தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒன்றிலிருந்துதான் பிறக்கின்றன.

கடையில் பாக்கெட் எங்கே இருக்கிறது? கடைக்காரரின் தலைக்கு மேலே, கம்பியில். வாங்குபவர் பலகைக்கு இந்தப் பக்கம் நிற்கிறார். நடுவே சுமார் 2 மீட்டர். நல்ல பார்வை உள்ளவருக்கு அந்தத் தூரத்தில் 3 மில்லிமீட்டர் உயர எழுத்து தட்டுத் தடுமாறித் தெரியும், கண் டாக்டரிடம் கடைசி வரியை வாசிப்பதுபோல. சிரமம் இல்லாமல் வாசிக்க அதைப்போல் மூன்று மடங்காவது வேண்டும், அதாவது 9 மில்லிமீட்டர். மங்கலான பல்பு, காற்றில் ஆடும் சரம், ஐம்பது வயதுக் கண் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அதுவும் தாராளம் அல்ல. 64 மில்லிமீட்டர் உயரத்தில் 9 மில்லிமீட்டர் எழுத்தில் எத்தனை வரி எழுத முடியும்? இரண்டு. அந்த இரண்டு எவை என்பதுதான் முழு வேலையும்.

உரிமையாளருக்குத் தம் கம்பெனி பெயர்தான் பெரிசாக இருக்க வேண்டும். அதில் தப்பில்லை; அப்பா காலத்திலிருந்து வரும் பெயர். நான் அவரிடம் ஒரு சரத்தை எடுத்துத் தொங்கவிட்டுக் காட்டினேன். ஒரு சரத்தில் 12 பாக்கெட். பெயர் 12 தடவை ஒன்றின் கீழ் ஒன்றாக வருகிறது. ஒரு பாக்கெட்டில் அது சிறிதாக இருந்தாலும் சரமாக வரும்போது சிவப்புப் பட்டை ஏணிப்படி மாதிரி கண்ணில் அடிக்கும். டப்பா ஒற்றையாக நிற்கும். அதற்கு உரக்கச் சொல்ல வேண்டும். பாக்கெட் கூட்டமாக நிற்கும். பெயர் திரும்பத் திரும்ப வருவதே அதற்குப் பலம். ஆனால் "இது ரசமா சாம்பாரா" என்பதற்கு அந்தப் பலம் கிடையாது. பக்கத்துச் சரமும் அதே கம்பெனிதான், அதே சிவப்புதான். ஆகவே பெயருக்கு மேல்பகுதியில் 14 மில்லிமீட்டர் போதும், மீதி முகம் எந்தப் பொடி என்பதைச் சொல்லட்டும் என்றேன். ஒரு நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

எந்தப் பொடி என்பதை எழுத்தால் மட்டும் சொல்லிவிட முடியுமா? இங்கேதான் தமிழ் தன் நீளத்தைக் காட்டுகிறது. அவரிடம் மூன்று பொடி: சாம்பார், ரசம், வத்தக்குழம்பு. பழைய லேபிளை ரசப்பொடிக்கு முதலில் வரைந்திருக்கிறார்கள். சின்னப் பெயர், அழகாக உட்கார்ந்திருக்கிறது. பிறகு "வத்தக்குழம்புப் பொடி" வந்ததும் அதே இடத்தில் அடைக்க எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கிவிட்டார்கள். ஒரே வரிசைப் பொருள்களுக்கு லேபிள் போடும்போது நீளமான பெயரில் தொடங்க வேண்டும். நான் வத்தக்குழம்பை எடுத்துக்கொண்டேன். எட்டு எழுத்து, அதில் கு, ழ, பு மூன்றும் அகலமானவை. 44 மில்லிமீட்டரில் ஓர் எழுத்துக்கு ஐந்தரை மில்லிமீட்டர்தான் கிடைக்கிறது. "பொடி" என்பதைப் பிரித்துச் சின்னதாகப் பக்கத்தில் போட்டு, "வத்தக்குழம்பு", "சாம்பார்", "ரசம்" என்பவற்றை மட்டும் பெரிதாக்கினேன். அப்போதும் எழுத்தின் உடல் 6 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. மேலே புள்ளிகளுக்கும் கீழே ழ, கு, பு இவற்றின் வால்களுக்கும் இடம்விட்டால் அந்த வரிக்கு மட்டும் 13 மில்லிமீட்டர் ஆயிற்று. ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு பெயர் எழுதினால் மேலும் கீழும் எதுவும் நீட்டாது. தமிழுக்கு வரியின் உயரத்தைத் தாராளமாகக் கொடுக்காவிட்டால் ஒரு வரியின் வால் அடுத்த வரியின் புள்ளியில் போய் முட்டும்.

வேண்டியது 9, கிடைத்தது 6. அந்தக் குறையை நிறமும் படமும் சுமக்க வேண்டும். சிவகாசித் தீப்பெட்டி லேபிள்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. பெயரை வாசிக்காமலே படத்தைச் சொல்லித் தீப்பெட்டி கேட்டு வாங்கிய ஊர் இது. பாக்கெட்டும் அப்படித்தான்: "அந்தப் பச்சையில ஒண்ணு குடுங்க."

பழைய பாக்கெட்டில் மூன்றுக்கும் கிண்ணம்தான் படம். ஒன்றில் சாம்பார், ஒன்றில் ரசம், ஒன்றில் குழம்பு. இருபது மில்லிமீட்டர் படத்தில் மூன்றும் ஒரே பழுப்பு வட்டம். அந்த அம்மாவுக்குச் சாம்பார் போனதற்குக் காரணம் இதுதான். சமைத்த பொருளின் நிறம் எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கும். வேறுபடுவது அதில் மிதக்கும் பொருள். ஆகவே கிண்ணத்தை எடுத்துவிட்டு, கரண்டியை மட்டும் மிக அருகிலிருந்து காட்டினோம். சாம்பார்க் கரண்டியில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு, வத்தக்குழம்புக் கரண்டியில் சுண்டைக்காய், ரசக் கரண்டியில் தக்காளிக் கீற்றும் மிளகும். முருங்கைக்காயைத் தனியாகப் படம் போட வேண்டும் என்று உரிமையாளர் ஆசைப்பட்டார். பொடியில் முருங்கைக்காய் கிடையாது. தனியாகப் போட்டால் உள்ளே இருப்பதாக அர்த்தமாகும். கரண்டியில் சாம்பாரோடு இருந்தால் அது சமைத்த பண்டம். இந்த வித்தியாசத்தை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

நிறத்துக்கு ஒரு சோதனை உண்டு. மூன்று பாக்கெட்டையும் போனில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்க்க வேண்டும். மூன்றும் ஒரே சாம்பல் நிறமாக வந்தால் நிறத்தேர்வு தோற்றது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத ஆட்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மங்கல் வெளிச்சத்தில் எல்லோருடைய கண்ணுமே நிறத்தைவிட வெளிச்சத்தையும் இருட்டையும்தான் நம்புகிறது. பழைய பாக்கெட்டில் அரக்கு, செம்பழுப்பு, ஆரஞ்சு இருந்தன. நாங்கள் சாம்பாருக்கு மஞ்சள், ரசத்துக்குப் பச்சை, வத்தக்குழம்புக்குக் கத்தரி நிறம் எடுத்தோம். கறுப்பு வெள்ளையில் வெளிர், நடுத்தரம், அடர்த்தி என்று தனித்தனியாக நின்றன.

இனி, கைக்கு வந்தபின் வாசிக்கும் சின்ன எழுத்து. இதில்தான் தமிழ்ப் பாக்கெட்டுகள் அதிகம் சறுக்குகின்றன.

இந்தப் பாக்கெட்டுகள் ரோட்டோ கிரேவியர் முறையில் அச்சாகின்றன. ஒவ்வொரு மைக்கும் ஒரு சிலிண்டர். சிலிண்டரின் மேல் நுண்ணிய குழிகள் வெட்டியிருக்கும். குழியில் நிற்கும் மைதான் பிலிமில் ஒட்டுகிறது. மேல் பிலிமின் உள்பக்கத்தில் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாற்றி அச்சடித்து, கடைசியாக வெள்ளை பூசி, பிறகு வேறு பிலிமோடு ஒட்டுவார்கள். மை இரண்டு பிலிமுக்கு நடுவே இருப்பதால் கை பட்டு அழியாது. வெள்ளை பூசாத இடத்தில் அடியிலிருக்கும் அலுமினியப் பளபளப்பு தெரியும். அதன்மேல் எழுத்து வைத்தால் ஒரு கோணத்தில் தெரியும், இன்னொரு கோணத்தில் மறையும்.

சிலிண்டரில் ஒரு சென்டிமீட்டருக்கு 70 குழி வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழிக்கு 0.14 மில்லிமீட்டர் இடம். இப்போது ஒன்றரை மில்லிமீட்டர் உயர எழுத்தில் "ரசம்" என்று எழுதுங்கள். ம-வின் மேலிருக்கும் புள்ளியின் அகலம் கால் மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். அதற்கு இரண்டு குழிகூட முழுதாகக் கிடைக்காது. புள்ளி பிசிறடிக்கும், அல்லது காணாமலே போகும். "ரசம்" "ரசம" ஆகும். ஆங்கிலத்தில் ஐ எழுத்தின் மேல்புள்ளி போனாலும் சொல் பிழைத்துக்கொள்ளும். தமிழில் புள்ளி போனால் எழுத்தே வேறு. இகரச் சுழிக்கும் ஈகாரச் சுழிக்கும் உள்ள வித்தியாசமும் ஒரு சின்னச் சுருள்தான். அது மையில் அடைந்துவிட்டால் குறில் நெடிலாகும், நெடில் குறிலாகும். ண, ணை, னை, ஞ போன்றவற்றின் உள்வளையங்கள் முதலில் அடைபடும்.

அடர் நிறத்தில் வெள்ளை எழுத்து விட்டால் இன்னும் மோசம். அந்தப் பச்சைப் பின்னணி இரண்டு மூன்று மையின் கூட்டு. ஒவ்வொரு சிலிண்டரும் மற்றதோடு முடியளவும் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். ஓடும் மெஷினில் அது கால் மில்லிமீட்டர் விலகுவது சாதாரணம். விலகிய மை வெள்ளை எழுத்துக்குள் புகுந்து, புள்ளியை மூடிவிடும். ஆகையால் சின்னத் தமிழ் எழுத்துக்கு நான் வைத்திருக்கும் வழக்கம் இது: வெளிர் பின்னணியில், ஒரே மையில், கறுப்பில் மட்டும். கோடுகள் ஒரே தடிமனாக உள்ள எழுத்துரு. மெல்லிய கோடும் தடித்த கோடும் மாறிமாறி வரும் அழகு எழுத்துரு வேண்டாம். புள்ளியை எழுத்துருவில் இருப்பதைவிடக் கொஞ்சம் பெரிதாக்கி, எழுத்தை விட்டுக் கொஞ்சம் விலக்கி வைப்பேன். பார்க்க லேசாக நெருடும், ஆனால் அச்சில் நிற்கும்.

எதையெல்லாம் சின்ன எழுத்தில் போட வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சட்டம் கேட்கும் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். இதனால் தமிழ் எப்போதும் மிச்ச இடத்துக்குத் தள்ளப்படுகிறது. உணவுப் பாக்கெட்டின் மொத்தப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாவிட்டால் சேர்மானப் பட்டியல், ஊட்டச்சத்து விவரம் போன்றவற்றைப் பல பாக்கெட்டுகள் அடங்கிய வெளிப்பையில் போட்டால் போதும் என்று விதி தளர்வு தருகிறது. இந்தப் பாக்கெட் இரண்டு பக்கமும் சேர்த்து 96. அந்தத் தளர்வை எடுத்துக்கொண்டு பின்பக்கத்தில் கிடைத்த இடத்தை எப்படிப் பயன்படுத்துவது என்ற யோசனை எழுந்தது. நாங்கள் அங்கே ரசம் வைக்கும் முறையை நாலே வரியில் தமிழில் போட்டோம். சைவக் குறிக்குப் பச்சை வட்டம் குறைந்தது 3 மில்லிமீட்டர், அதைச் சுற்றிய சதுரம் 6. அதைச் சுருக்க முடியாது. ஆகவே முகப்பின் மூலையில் அதற்கான இடத்தை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். கடைசியில் செருகினால் படத்தின் மேல்தான் உட்காரும்.

சேதி ஒன்றுதான் என்றேன் அல்லவா. உரிமையாளர் தந்தவை ஐந்து: கைப்பக்குவம், நூறு சதவீதம் சுத்தம், பாரம்பரியச் சுவை, செயற்கை நிறம் இல்லை, நாலு பேருக்குப் போதும். "எல்லாம் நிசந்தானுங்களே, எதை விடச் சொல்றீங்க?" என்றார். நியாயமான கேள்வி. ஒவ்வொன்றாக எடுத்தோம். சுத்தம், பாரம்பரியம் என்ற சொற்களை எப்போது போடலாம் என்பதற்கு 2018-ஆம் ஆண்டு உணவு விளம்பர விதிகளில் நிபந்தனை இருக்கிறது. அவற்றை நிரூபிக்க நேர்ந்தால் எப்படி என்று யோசிக்க வேண்டும். செயற்கை நிறம் இல்லை என்பது உண்மைதான், ஆனால் மசாலாப் பொடியில் சேர்க்கை நிறமே கூடாது என்பதுதான் விதி. எல்லோரும் செய்தே ஆக வேண்டியதைத் தம் தனிச்சிறப்பாகச் சொல்வது முறையல்ல. கைப்பக்குவம் என்பது பக்கத்துச் சரத்திலும் எழுதியிருந்தது.

மிஞ்சியது "நாலு பேருக்கு". இதில் அலங்காரம் ஒன்றும் இல்லை. ஆனால் 5 ரூபாய் கொடுப்பவர் கடையில் நின்று மனசுக்குள் போடும் கணக்கே இதுதான்: இன்றைக்கு வீட்டில் இத்தனை பேர், ஒன்று போதுமா, இரண்டு வாங்கணுமா? அதற்கு முகப்பிலேயே பதில் இருந்தால் அது விளம்பரம் அல்ல, உதவி. சொல்லிவிட்டால் போதாது, உண்மையாக இருக்க வேண்டும். அவர் வீட்டு அடுக்களையிலேயே ஒரு பாக்கெட் உடைத்து ரசம் வைத்தோம். முதல் தடவை அவருடைய மனைவி தம் கைப்பழக்கத்தில் அரைக் கரண்டி மிளகுப்பொடி சேர்த்துவிட்டார். அந்தக் கணக்கு செல்லாது என்று மறுபடி வைத்தோம். நாலு பேர் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டோம். போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகுதான் "ஒரு பாக்கெட் – 4 பேருக்கு ரசம்" என்று ஒரே வரியாக, 3 மில்லிமீட்டர் எழுத்தில், படத்துக்குக் கீழே போனது.

அளவு விஷயத்துக்கு வருகிறேன். இதை நான் கடைசியில் வைத்திருப்பது அது கடைசி என்பதனால் அல்ல. பெரும்பாலான லேபிள்களில் அதைத்தான் கடைசி மூலையில் தள்ளுகிறார்கள் என்பதால். பாக்கெட்டில் 9 கிராம். நிறுத்தல் அளவைச் சட்டத்தின் பாக்கெட் விதிகள் 10 கிராமுக்கு மேற்படாத பொட்டலங்களுக்கு விலக்குத் தருகின்றன. இதைக் கேட்டதும் சிலர் கிராமையே எடுத்துவிடலாமா என்று கேட்பார்கள். முடியாது, உணவு விதி தனியாக நிகர எடையைக் கேட்கிறது. சட்டம் கேட்காவிட்டாலும் அது அங்கே இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

5 ரூபாய் பாக்கெட்டில் விலை மாறாது. 5 ரூபாய் என்பது ஒரு நாணயம். 5 ரூபாய் 40 காசுக்கு யாரும் பாக்கெட் விற்க முடியாது. மல்லி விலையோ மிளகு விலையோ ஏறினால் கம்பெனிக்குக் குறைக்கக் கிடைப்பது எடை ஒன்றுதான். ஆகவே லேபிளில் அடிக்கடி மாறக்கூடிய ஒரே எண் கிராம்தான். அதைச் சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாக வைத்தால், மாற்றும்போது பின்னணியில் உள்ள ஒவ்வொரு மையின் சிலிண்டரையும் புதிதாக வெட்ட வேண்டும்; சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் சில ஆயிரம் ரூபாய். அந்தச் செலவுக்குப் பயந்து பழைய எண்ணை அப்படியே விட்டுவிடலாமா என்ற சபலம் எங்கே எழுகிறதோ அங்கே நேர்மை ஆட்டம் காணும். வெளிர் இடத்தில் கறுப்பில் மட்டும் வைத்தால் ஒரு சிலிண்டரோடு போயிற்று. லேபிளை வரையும்போதே உண்மையைச் சொல்வதைச் செலவில்லாததாக ஆக்கிவிட வேண்டும்.

அவர் பாக்கெட்டில் கீழ் 9 மில்லிமீட்டர் பட்டையை வெளிர் நிறமாக விட்டோம். இடது மூலையில் சைவக் குறி, நடுவில் 9 கிராம், வலப்பக்கம் 5 ரூபாய். கிராமும் விலையும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில். விலையை மட்டும் பெரிய மஞ்சள் நட்சத்திரத்துக்குள் போட்டுக் கிராமைப் பின்பக்கம் ஒட்டும் ஓரத்தில் ஒளிக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. பின்பக்கத்தில் நாள் அச்சடிக்க 20-க்கு 7 மில்லிமீட்டர் வெள்ளைக் கட்டம் ஒன்றும் விட்டோம். பழைய பாக்கெட்டில் கறுப்பு நாள் முத்திரை அரக்குப் பின்னணியில் விழுந்து யாருக்கும் தெரியாமல் கிடந்தது.

இன்னொரு சின்னக் கோளாறும் அதில் இருந்தது. பாக்கெட்டின் தலை சிவப்பு, அடி மஞ்சள். மெஷின் பிலிம் ஓரத்திலுள்ள அடையாளக் கட்டத்தைப் பார்த்துத்தான் வெட்டுகிறது. ஒன்று இரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே ஆகும். ஆனபோதெல்லாம் அடுத்த பாக்கெட்டின் தலையில் ஒரு மஞ்சள் கோடு. தலையும் அடியும் சந்திக்கும் இடத்தில் இரண்டுக்கும் ஒரே நிறம் கொடுத்ததும் அது தீர்ந்தது.

சிலிண்டர் வெட்டக் கொடுக்குமுன் ஒரு வேலை செய்தோம். சாதாரண பிரிண்டரில் நிஜ அளவில் அச்சடித்து, கத்தரித்து, பொடி நிரம்பிய பழைய பாக்கெட்டுகளின் மேல் ஒட்டி, சரமாகக் கோத்து, அதே ஈரோட்டுப் பக்கத்துக் கடையில் மற்ற கம்பெனிச் சரங்களுக்கு நடுவே தொங்கவிட்டோம். அதே ஆறரை மணி வெளிச்சம். கடைக்காரரிடம் வேகமாகக் கேட்டோம்: ரசம் ரெண்டு, வத்தக்குழம்பு ஒண்ணு, சாம்பார் ஒண்ணு. திரும்பிப் பார்க்காமலே கை போயிற்று. ஒரு பிழை மட்டும் அங்கே தெரிந்தது: கத்தரி நிறப் பாக்கெட்டின் மேல் "வத்தக்குழம்பு" என்பதைச் செந்நிறத்தில் போட்டிருந்தேன், திரையில் அழகாக இருந்த அது பல்பு வெளிச்சத்தில் பின்னணியோடு கரைந்துவிட்டது. வெள்ளையாக மாற்றினேன். ஆறு மில்லிமீட்டர் எழுத்தானதால் வெள்ளைக்குள் மை புகுந்தாலும் தாங்கும்.

எட்டு மாதம் கழித்து உரிமையாளர் போன் செய்தார். மிளகு விலை ஏறிவிட்டது, 9 கிராமை 8 ஆக்க வேண்டும் என்றார். கறுப்பு சிலிண்டர் மட்டும் மாறியது. அதே இடத்தில், அதே அளவில் 8 வந்து உட்கார்ந்தது. நாலு பேருக்குப் போதுமா என்று அவர் வீட்டில் மறுபடியும் ரசம் வைத்துப் பார்த்தோம். கொஞ்சம் இளைத்திருந்தது. "4 பேருக்கு" என்பதை "3 பேருக்கு" என்று மாற்றச் சொன்னேன். அவருக்கு மனசில்லை, இரண்டு நாள் கழித்துச் சம்மதித்தார். அதுவும் கறுப்பு எழுத்துதான் என்பதால் தனிச் செலவு ஆகவில்லை.

அடுத்த முறை கடையில் ஒரு பாக்கெட் கிழித்து வாங்கும்போது, கிராம் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். முகப்பிலேயே கண்ணில் பட்டால் அந்தக் கம்பெனியை நம்பி வாங்கலாம். தேட வேண்டியிருந்தால் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். சரக்குப் போட வரும் ஆளிடம் அவர் சொல்வார், எங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் சொல் வந்து சேரும்.